அதிபருக்கு ஒரு கடிதம்: ஒட்டுப்படத்தைச் செய்து பார்த்தபின் கண்டுபிடிக்கும் பாடம்

வெள்ளவத்தைப் பக்கத்தில் உள்ள ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையில் தொடர்பாடலும் ஊடகக் கற்கைகளும் படிப்பிக்கும் ஆசிரியை, தரம் 10 மாணவிகளுக்கு இரண்டு இரட்டைப் பாடவேளைகள் கேட்டு அதிபருக்கு எழுதிய கடிதம் பற்றியது இந்தக் குறிப்பு. மாணவிகள் தாங்களே, ஒரு படத்திலிருந்து வெட்டிய பொருளை இன்னொரு படத்தில் ஒட்டி, ஒட்டுப்படம் ஒன்றைச் செய்வார்கள். பிறகு மற்றவர்கள் செய்த படங்களில் எது ஒட்டு, எது உண்மை என்று கண்டுபிடிப்பார்கள். நான் பல காலம் செய்தித்தாளில் படப்பிரிவில் வேலை செய்தவன். அதனால் கடிதத்தை எழுதும்போது ஆசிரியை என்னையும் உட்கார வைத்தார். அனுமதி கிடைத்தது. ஆனால் முதல் வரைவுக்குக் கிடைக்கவில்லை. எந்த வரிகள் அதிபரின் மனத்தை மாற்றின, ஏன் மாற்றின என்பதை எழுதி வைத்தால், இதே முயற்சியில் இறங்கும் வேறு ஆசிரியர்களுக்குப் பயன்படும்.

முதல் வரைவு ஒரு பக்கம். சமூக ஊடகங்களின் தாக்கம், இளைஞர் சமுதாயம், காலத்தின் தேவை என்று அது போனது. அதிபர் வாசித்துவிட்டு ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: "டீச்சர், பிள்ளைகளுக்குப் போலிப் படம் செய்யப் பழக்கப் போகிறீர்களா?"

நியாயமான கேள்வி. பெற்றோர் சந்திப்பில் அதே கேள்வி அவரிடம்தான் வரும். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபின், பொய்யான ஒன்று பாடசாலைக் கணினியிலிருந்து வெளியே போய்விட்டால் என்னவாகும் என்று ஓர் அதிபர் யோசிப்பதில் வியப்பில்லை. ஆகவே இரண்டாவது கடிதம் இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தோம். அதன் முதல் பகுதி இது:

"ஐயா,

தரம் 10 மாணவிகளுக்கு ஒட்டுப்படங்களை இனங்காணும் பாடம் நடத்த அனுமதி கோரல்

மாணவிகள் இணைக்கப் போவது ஒரு மர நாற்காலியின் படத்தை மட்டுமே. அந்த நாற்காலியை நமது வலைப்பந்து மைதானத்தின் படத்தில் வைப்பார்கள். எந்த மனிதரின் முகமும், மதச் சின்னமும், கொடியும், கட்சி அடையாளமும் பயன்படுத்தப்படமாட்டா. கணினி அறையில் அன்று இணைய இணைப்புத் துண்டிக்கப்பட்டிருக்கும். மாணவிகள் கைப்பேசி கொண்டுவரத் தேவையில்லை; மூலப்படங்களை நானே எடுத்துத் தருவேன். முடித்த படங்கள் தாளில் அச்சிடப்பட்டு, இலக்கமிடப்பட்டு, பாடம் முடிந்ததும் எண்ணித் திரும்பப் பெறப்படும். கோப்புகள் அன்றே அழிக்கப்படும்."

அச்சிடுவது என்ற முடிவுக்குப் பின்னால் ஒரு சிக்கல் இருந்தது. செய்த படம் ஒவ்வொன்றிலும் 'இது ஒட்டுப்படம்' என்று எழுத வேண்டும் என்பது அதிபரின் நிபந்தனை. ஆனால் முகப்பிலேயே அப்படி எழுதிவிட்டால் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? தாளில் அச்சிட்டால் அந்த வரியைப் பின்பக்கத்தில் முத்திரையாகக் குத்தலாம். உண்மைப் படங்களின் பின்பக்கத்தில் 'மாற்றப்படாதது' என்ற முத்திரை இருக்கும். பார்ப்பவர் தீர்ப்பை எழுதிய பிறகுதான் தாளைத் திருப்புவார். கீழே விவரிக்கும் சோதனைக்கு அடிமட்டமும் பென்சிலும் வேண்டும், அதற்கும் தாள்தான் வசதி. நிபந்தனையும் பாடமும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டன.

ஏன் நாற்காலி?

ஆசிரியை முதலில் சைக்கிள் என்றுதான் நினைத்திருந்தார். சைக்கிளின் கம்பிகளுக்கிடையே பின்னணி தெரியும்; அதை வெட்டியெடுக்கவே பாடவேளை முழுவதும் போய்விடும். நாற்காலிக்கு நேரான விளிம்புகள், தெளிவான மூலைகள். வெட்டுவது சுலபம் என்பதை விட, அதன் ஒவ்வொரு மூலைக்கும் நிழலில் ஒரு மூலை உண்டு என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கண்டுபிடிக்கும் வேலை முழுவதும் அதில்தான் நிற்கிறது.

வெயிலில் எடுத்த எந்தப் படத்திலும், ஒரு பொருளின் முனையையும் அந்த முனையின் நிழலையும் ஒரு கோட்டால் இணைத்து நீட்டினால், கோடு படத்தில் சூரியன் இருக்க வேண்டிய இடத்தை நோக்கிப் போகும். சூரியன் படத்துக்கு வெளியே இருந்தாலும் இது பொருந்தும். இரண்டாவது பொருளுக்கும் அப்படிக் கோடு போட்டால் அதுவும் அதே புள்ளியில் போய்ச் சேர வேண்டும், ஏனெனில் சூரியன் ஒன்றுதான். சூரியன் படமெடுப்பவரின் முதுகுப்பக்கம் இருந்தால் கோடுகள் எதிர்த்திசையில், தரைக்குக் கீழே சந்திக்கும். தரம் 10 பிள்ளைக்கு இதற்கு மேல் கணிதம் தேவையில்லை.

கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது என்பதுதான் பலருக்கும் வியப்பாக இருக்கும். நிழல்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று மதிப்பிடுவதில் மனிதக் கண் மிகவும் பலவீனமானது என்பதைப் படத் தடயவியலில் பெயர்பெற்ற ஹனி ஃபரித்தும் அவருடன் வேலை செய்தவர்களும் சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். "உற்றுப் பார்த்தால் தெரியும்" என்று பிள்ளைகளிடம் சொல்லும் பாடம் அவர்களுக்குப் பொய்யான தைரியத்தைத்தான் கொடுக்கும். அடிமட்டத்தைக் கையில் கொடுக்க வேண்டும்.

கடிதத்தோடு இணைத்த மாதிரிப் படம்

அதிபருக்குச் சொல்லி விளங்கவைப்பதை விடச் செய்து காட்டுவது நல்லது என்று மார்ச் மாதத்தில் ஒரு நாள் மாதிரி ஒன்றைச் செய்தோம். மார்ச் 21ஐ ஒட்டிய நாட்களில் கொழும்பில் காலை 9 மணிக்குச் சூரியன் ஏறத்தாழ 40 பாகை உயரத்தில் இருக்கும். நிழல் பொருளின் உயரத்தை விடச் சற்று நீளம். 10.30க்குச் சூரியன் 62 பாகை அளவுக்கு ஏறிவிடும். நிழல் பாதியளவாகச் சுருங்கிவிடும். இரண்டுமே பாடசாலை நேரத்துக்குள் வருகின்றன, இரண்டு நேரத்திலும் நிழல் மேற்குப் பக்கமே விழுகிறது. எதிரெதிராக நிழல் விழும் காலையையும் மாலையையும் இணைத்தால் முதற்பார்வையிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். அதில் படிக்க ஒன்றுமில்லை.

ஆசிரியை 9 மணிக்கு வடகிழக்கைப் பார்த்து நின்று, கைப்பேசியைக் கிடையாகப் பிடித்து மைதானத்தைப் படமெடுத்தார். அதில் வலைப்பந்துக் கம்பமும் ஒரு சிமெந்து வாங்கும் இருந்தன. 10.30க்கு அதே இடத்தில், அதே உயரத்தில் கைப்பேசியைப் பிடித்து நாற்காலியை மட்டும் எடுத்தார். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் நாற்காலியை அதன் நிழலோடு சேர்த்து, விளிம்பை ஓரிரு புள்ளி அளவு மென்மையாக்கி வெட்டி, 9 மணிப் படத்தின் மேல் தனிப் படலமாக வைத்தோம். நிழலை மட்டும் இன்னொரு படலமாகப் பிரித்து, கீழே உள்ள படத்தோடு கலந்து இருளாக்கும் Multiply நிலையில் வைத்தால் தரையின் புல்லும் மணலும் நிழலுக்குள்ளே தெரியும். நிறத்தைக் கொஞ்சம் சரிசெய்ததும் பார்ப்பதற்கு மிகவும் இயல்பான படமாகிவிட்டது. ஆசிரியர் ஓய்வறையில் காட்டியபோது ஒருவரும் நாற்காலியைச் சந்தேகிக்கவில்லை.

பிறகு அதை ஏ4 தாளில் அச்சிட்டு, ஒட்டிச் சேர்த்த டிமை தாள்களின் மேல் ஒட்டி, கோடுகளைப் போட்டோம். கம்பத்தின் உச்சியிலிருந்தும் வாங்கின் மூலையிலிருந்தும் போன கோடுகள் படத்தின் நடுவிலிருந்து 25 செ.மீ. அளவு வலப்புறமும் 30 செ.மீ. அளவு மேலேயும் சந்தித்தன. நாற்காலியின் முதுகுப்புற மூலைகள் இரண்டிலிருந்தும் போன கோடுகள் அந்தப் புள்ளியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவை செங்குத்தாக ஏறி, படத்தின் நடுவிலிருந்து 75 செ.மீ. அளவுக்கு மேலே, இன்னொரு தாளை ஒட்டிய பிறகே சந்தித்தன. இந்த நான்கு கோடுகளோடு அந்தப் பெரிய தாளைச் சுருட்டிக் கடிதத்தோடு அதிபரின் மேசையில் வைத்தோம்.

அவர் அடிமட்டத்தை எடுத்துத் தானே ஐந்தாவது கோடு ஒன்றைப் போட்டார், வாங்கின் மறு மூலையிலிருந்து. அது கம்பத்தின் கோடும் வாங்கின் முதல் கோடும் சந்தித்த புள்ளியைச் சரியாகத் தொடவில்லை. ஒரு விரல் அகலம் விலகிப் போனது. "அப்படியென்றால் வாங்கும் ஒட்டா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியால்தான் கடிதத்தில் மிகத் தேவையான ஒரு பந்தி சேர்ந்தது. சூரியன் ஒரு புள்ளியல்ல. வானத்தில் அரைப் பாகை அகலமான வட்டம். அதனால் நிழலின் விளிம்பு எப்போதும் மங்கியே இருக்கும். வலைப்பந்துக் கம்பம் 3.05 மீற்றர் உயரம். காலை 9 மணிக்கு அதன் உச்சியின் நிழலில் 4 செ.மீ.க்குக் குறையாத மங்கல் இருக்கும். அதன் எந்தப் புள்ளியில் பென்சிலை வைப்பது? ஒரு கோட்டுக்குப் பதிலாக இரண்டு கோடுகள் போட வேண்டும்: நிழல் முனை இருக்கக்கூடிய இரண்டு எல்லைகளிலிருந்தும் ஒவ்வொன்று. இரண்டுக்கும் இடையில் ஓர் ஆப்பு வடிவப் பகுதி கிடைக்கும். எல்லாப் பொருட்களின் ஆப்புகளுக்கும் பொதுவான இடம் ஒன்று இருந்தால் அந்தப் படத்தைப் பற்றி நிழலைக் கொண்டு எதுவும் சொல்ல முடியாது. பொதுவான இடமே இல்லை என்றால்தான் 'ஒட்டு' என்று எழுதலாம். வாங்கின் ஆப்பும் கம்பத்தின் ஆப்பும் நன்றாகவே ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. நாற்காலியின் ஆப்பு எவ்வளவு அகலமாகப் போட்டாலும் விழவில்லை.

செய்வதற்கு ஏன் நேரம் கேட்டோம்

ஆயத்தமாக அச்சிட்ட படங்களைக் கொடுத்துக் கண்டுபிடிக்க மட்டும் சொன்னால் போதாதா, ஒரு இரட்டைப் பாடவேளை மிச்சமாகுமே என்று அதிபர் கேட்டார். கடிதத்தில் ஆசிரியை எழுதிய பதில்:

"நாற்காலிக்குத் தானே நிழல் வரைய முயலும் மாணவி, முன்காலின் நிழல் எங்கே தொடங்க வேண்டும், முதுகுப்பலகையின் இடது மூலை தரையில் எங்கே விழ வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கும். எந்த மூலைக்கு எந்த நிழல் என்று அறியாதவர் கோடு போடவே முடியாது. இதைச் சொற்களால் நான் கற்பிக்கப் பார்த்தால் அதைவிட நீண்ட நேரம் எடுக்கும்."

இது வெறும் வாதம் அல்ல. நாற்காலியின் சொந்த நிழலை அழித்துவிட்டு, 9 மணி வெயிலுக்குப் பொருத்தமான நிழலை நீங்களே வரைந்து பாருங்கள். முதலில் எல்லோரும் வரைவது நாற்காலியின் அடியில் ஒரு கறுப்புத் திட்டு. பிறகு கால்கள் தரையைத் தொடும் இடத்தில் நிழல் ஒட்டியிருக்க வேண்டும் என்பது தெரியும். அங்கே ஒரு இடைவெளி விட்டால் நாற்காலி மிதக்கும். பிறகுதான் காலடியில் விளிம்பு கூர்மையாகவும், முனைக்குப் போகப் போக மங்கலாகவும் இருக்க வேண்டும் என்பது பிடிபடும். வகுப்பில் பாதி சோடிகள் 10.30 நிழலோடு ஒட்டும், மற்றப் பாதி நிழலை வரையும் என்று கடிதத்தில் பிரித்தோம். வரையும் சோடிகளில் சிலர் கம்பத்தின் கோட்டைப் பார்த்து மிகச் சரியாகவே வரைந்துவிடலாம். அப்படி ஒருவர் செய்தால் அந்தப் படம் கோட்டுச் சோதனையில் தேறிவிடும். தேறட்டும். நிழல் பொருந்துவது படம் உண்மை என்பதற்குச் சான்றாகாது என்பதை அந்தச் சோடியே வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கும்.

இதற்கு அச்சுத் துறையில் எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்றும் கடிதத்தில் இருந்தது. 2003 மார்ச் இறுதியில் லொஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் பத்திரிகையின் படப்பிடிப்பாளர் பிரையன் வால்ஸ்கி, ஈராக்கின் பஸ்ராவுக்கு அருகில் அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களை இணைத்து ஒன்றாக அனுப்பினார். ஒன்றில் படைவீரரின் கையசைவு நன்றாக இருந்தது, மற்றதில் குழந்தையைத் தூக்கிய மனிதர் நன்றாக நின்றார். அதே வெயில், அதே இடம் என்பதால் நிழலைக் கொண்டு அதைப் பிடிக்க வழியில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த சிலர் அதே படத்தில் இரண்டு தடவை இருப்பதை, படத்தை வெளியிட்ட இன்னொரு பத்திரிகையில் ஒருவர் கவனித்தார். வால்ஸ்கி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஒரே வேளையில் ஒரே இடத்தில் எடுத்த படங்களை இணைத்தால் தேட வேண்டியது நிழலை அல்ல, திரும்ப வரும் முகத்தையும் சட்டையையும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஆறு உண்மைப் படங்கள்

இந்தக் கடிதத்தில் நான் விடாப்பிடியாக நின்ற ஒரே இடம் இதுதான். கண்டுபிடிக்கக் கொடுக்கும் பன்னிரண்டு படங்களில் ஆறு எந்த மாற்றமும் செய்யாதவையாக இருக்க வேண்டும். அவையும் பார்ப்பதற்கு ஐயம் தரக்கூடியவையாக இருக்க வேண்டும்.

பன்னிரண்டும் ஒட்டுப்படமாக இருந்தால், எல்லாவற்றுக்கும் 'ஒட்டு' என்று எழுதும் பிள்ளை முழுப் புள்ளி வாங்கும். அந்தப் பிள்ளை கற்றது ஒன்றே ஒன்று: எதையும் நம்பாதே. நாளைக்கு வெள்ளத்தில் ஒரு வீடு போவதை உண்மையாகவே ஒருவர் படமெடுத்து அனுப்பினாலும் அதுவும் அவளுக்குப் பொய்தான். பொய்ப்படம் ஒன்றை நம்புவதற்கு எந்த விதத்திலும் குறையாத தீங்கு இது. ஆகவே புள்ளி கொடுக்கும் முறையையும் கடிதத்தில் எழுதினோம். சரியாகப் பிடித்த ஒட்டுப்படம் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. உண்மைப் படத்தை ஒட்டு என்று சொன்னால் ஒரு புள்ளி குறையும். எல்லாவற்றையும் சந்தேகிப்பவருக்கு ஆறு வந்து ஆறு போய்ப் பூச்சியம். நான்கு ஒட்டுப்படங்களைப் பிடித்து ஒரு உண்மைப் படத்தைத் தவறாகச் சொன்னவருக்கு மூன்று. 'சொல்ல முடியாது' என்று எழுதலாம், அதற்குப் புள்ளி இல்லை, குறைவும் இல்லை.

உண்மைப் படங்களைத் தேடிக் கொழும்பைச் சுற்றியது எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஏப்ரல் முதல் வாரத்தின் பிற்பகுதியில் கொழும்புக்குச் சூரியன் உச்சம் கொடுக்கும். நண்பகல் 12.10 அளவில் நேராக நிற்கும் கம்பத்துக்கு நிழலே இராது. அதைப் பார்ப்பவர் நிழலை யாரோ அழித்துவிட்டார்கள் என்றே நினைப்பார். கோட்டையில் கண்ணாடிச் சுவர்க் கட்டடங்களின் எதிர்ப்பக்கம் நின்றால், கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயிலால் ஒரே மனிதருக்கு இரண்டு நிழல்கள் விழும். தாமரைக் கோபுரத்தைத் தூரத்திலிருந்து நீண்ட குவியத் தூர வில்லையால் எடுத்தால், 350 மீற்றர் உயரமான அது முன்னால் இருக்கும் கடைத் தெருவின் கூரைக்கு மேல் அச்சமூட்டும் அளவுக்குப் பெரிதாக எழுந்து நிற்கும். மூன்றுமே உண்மை. இரண்டு நிழல் படத்தில் கோட்டுச் சோதனையே தடுமாறும், ஏனெனில் அங்கே ஒளி வரும் இடம் இரண்டு. அந்தப் படத்துக்குச் சரியான விடை, இன்னொரு ஒளி எங்கிருந்து வருகிறது என்று கேட்பது.

சேர்க்காமல் விட்டவை பற்றியும் ஒரு பந்தி எழுதினோம், ஏனெனில் பாடசாலையின் தகவல் தொழில்நுட்ப ஆசிரியர் அவற்றைக் கேட்டிருந்தார். படக்கோப்பின் உள்ளே எடுத்த நேரமும் கருவியும் பதிந்திருக்குமே, அதைப் பார்க்கலாமே என்றார். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தப் பதிவுகள் அகற்றப்பட்டுவிடும். பிள்ளைகளுக்குப் படங்கள் வந்து சேரும் வழி பெரும்பாலும் அதுதான். படத்தை மீண்டும் சுருக்கிச் சேமித்து, எந்தப் பகுதி கூடுதலாக மாறுகிறது என்று நிறங்களால் காட்டும் கருவிகளும் உண்டு. அவற்றை நான் உறுதியாக மறுத்தேன். நிறவேறுபாடு கூடிய விளிம்புகள் எல்லாம் அந்தக் கருவியில் பளிச்சென்று தெரியும், ஒட்டாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். பல தடவை கைமாறிச் சுருங்கிய படத்தில் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது, குற்றமற்ற படத்தைக் குற்றவாளியாக்கும் வழி.

அதிபரின் பதில்

இரண்டாவது கடிதம் மூன்று பக்கங்களும் அந்தச் சுருட்டிய தாளும். அதிபர் மூன்று மாற்றங்களோடு அனுமதித்தார். பெற்றோருக்கு முன்கூட்டியே ஒரு பக்க அறிவித்தல் போக வேண்டும். அதில் நாற்காலிப் படம் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். கோப்புகளை அழிக்கும்போது இன்னோர் ஆசிரியர் உடனிருந்து கையொப்பமிட வேண்டும். மூன்றாவதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை: உண்மைப் படங்கள் ஆறிலும் ஒன்றாவது பாடசாலை வளவுக்குள்ளே எடுத்ததாக இருக்க வேண்டும் என்றார். "பிள்ளைகள் தங்கள் கண்ணால் தினமும் காணும் இடத்தையே ஒட்டு என்று சொல்கிறார்களா, பார்ப்போம்," என்றார்.

அதற்கு ஆசிரியை தெரிவு செய்தது தண்ணீர்த் தாங்கியின் பக்கத்துச் சுவர். காலை இடைவேளை நேரத்தில் எதிர்க் கட்டடத்தின் யன்னல் கண்ணாடிகள் அங்கே வெயிலைத் திருப்பி அடிக்கின்றன. குழாயடியில் நிற்கும் வாளிக்கு ஒரு நிழல் மேற்கே, இன்னொன்று கிழக்கே.

எஞ்சியிருந்தது வானிலை மட்டும். முகில் மூடிய நாளில் நிழலுக்கு விளிம்பே இராது, கோடு போட முனையும் இராது. அதனால் 9 மணிப் படமும் 10.30 படமும் ஒரே நாளில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, அடுத்தடுத்த வெயில் நாட்களில் எடுக்கலாம், ஒரு வார இடைவெளி வந்தாலும் நிழல் பெரிதாக மாறாது என்று கடிதத்தின் ஓரத்தில் ஆசிரியை கையால் எழுதிச் சேர்த்தார். அதிபர் அந்த வரியின் கீழும் ஒப்பமிட்டார்.